கீழ்ப்படிதல் (சமூக உளவியல்)

சமூக உளவியலில் கீழ்ப்படிதல் என்பது, அதிகாரம் உடையவர் என்று தாம் கருதும் ஒருவரின் நேரடி ஆணையை ஏற்று ஒருவர் செயற்படுவதைக் குறிக்கும். இதனோடு சேர்த்துப் பேசப்படும் மற்றொரு கருத்து ஒத்துப்போதல் ஆகும். ஒத்துப்போதலில் ஆணையிடுபவர் எவரும் இல்லை. சுற்றியுள்ளோர் செய்வதையே தாமும் செய்தல் அல்லது சொல்வதையே தாமும் சொல்லுதல் அதன் இயல்பு. ஒத்துப்போனவர் பெரும்பாலும் அதனை ஒப்புக்கொள்ள மாட்டார், தாம் சுயமாகவே முடிவெடுத்ததாகக் கூறுவார். கீழ்ப்படிந்தவரோ "சொன்னார்கள், செய்தேன்" என்று தயங்காமல் கூறுவார். நடைமுறையில் இரண்டும் கலந்தே காணப்படுகின்றன.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்விரண்டையும் பற்றி ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்த்தப்பட்ட சில சோதனைகள் பரவலாக அறியப்பட்டவை. அவற்றுள் முதன்மையானது இசுட்டான்லி மில்கிரம் 1961 முதல் 1962 வரை யேல் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய சோதனைத் தொடராகும். இக்கட்டுரை அச்சோதனைகளையும், அவை காவல் நிலையம், மருத்துவமனை போன்ற அன்றாட நிறுவனங்களைப் பற்றி எந்த அளவுக்கு விளக்கம் தருகின்றன என்பதையும் கூறுகின்றது. எடுத்துக்காட்டாகத் தமிழ்நாட்டின் சாத்தான்குளம் நிகழ்வு (2020) விரிவாகக் கொள்ளப்பட்டுள்ளது.

முன்னோடி: ஆஷின் கோட்டுச் சோதனை

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் மிக எளிய சோதனை ஒன்றை நிகழ்த்தினார். ஓர் அட்டையில் ஒரு கோடும், மற்றோர் அட்டையில் வெவ்வேறு நீளமுள்ள மூன்று கோடுகளும் இருக்கும். மூன்றில் எது முதற்கோட்டுக்குச் சமம் என்று கூற வேண்டும். விடை எவருக்கும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். தனியாக இருக்கும்போது நூற்றில் ஒருமுறைகூட எவரும் தவறுவதில்லை. ஆனால் அறையில் இருந்தோரில் ஒருவர் மட்டுமே உண்மையான பங்கேற்பாளர், மற்றவர்கள் அனைவரும் ஆஷின் ஆட்கள். 18 சுற்றுகளில் 12 சுற்றுகளில் அவர்கள் அனைவரும் ஒரே தவறான விடையைக் கூறுமாறு முன்கூட்டியே பயிற்றுவிக்கப்பட்டிருந்தனர். பங்கேற்பாளரின் முறை கடைசியில் அல்லது கடைசிக்கு முன்னதாக வரும்.

அந்தச் சுற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தின் தவற்றை அப்படியே பின்பற்றின. பங்கேற்பாளர்களில் நான்கில் ஒரு பகுதியினர் ஒருமுறையும் வழுவவில்லை. இதனை 'மக்கள் ஆட்டுமந்தை' என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அவ்வாறு கொள்வது சரியன்று, ஏனெனில் பெரும்பான்மை விடைகள் சரியாகவே இருந்தன. ஆஷ் கண்டறிந்தவற்றுள் பிற்காலத்துக்கு மிகவும் பயன்பட்டது வேறொன்று. கூட்டத்தில் ஒரேயொருவர் சரியான விடையைக் கூறிவிட்டால், ஒத்துப்போகும் அளவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. முழுமையான ஒருமனப்பாடு உடைந்தாலே அழுத்தத்தின் பெரும்பகுதி நீங்கிவிடுகின்றது.

மில்கிரம் மாணவராக இருந்தபோது ஆஷிடம் உதவியாளராகப் பணியாற்றியவர். கோட்டின் நீளம் போன்ற அற்பமான செய்தியில் அன்றி, மற்றொரு மனிதருக்குத் தீங்கு செய்வது போன்ற பாரதூரமான செய்தியில் மனிதர் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதே அவருடைய கேள்வியாக இருந்தது. 1961இல் எருசலேமில் நாசி அதிகாரி அடால்ஃப் ஐக்மன் மீதான வழக்கு விசாரணை நடைபெற்றுவந்த காலத்தில்தான் அவரது சோதனையும் தொடங்கியது. தாம் ஆணைகளை நிறைவேற்றியதாகவே ஐக்மன் வாதிட்டார்.

மில்கிரம் சோதனை

அமைப்பு

நியூ ஹேவன் நகரச் செய்தித்தாளில் 'நினைவாற்றல் பற்றிய ஆய்வு' என விளம்பரம் வெளியிடப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு 4 டாலர் கூலியும் 50 சென்ட் போக்குவரத்துச் செலவும் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. வந்தவர்கள் 20 முதல் 50 வயது வரையிலான ஆண்கள்: அஞ்சல் ஊழியர், பள்ளி ஆசிரியர், விற்பனையாளர், பொறியாளர், கூலித் தொழிலாளர் எனப் பலதரப்பட்டோர்.

ஒவ்வொருவரும் ஆய்வகத்தில் மற்றொரு 'பங்கேற்பாளரை'ச் சந்தித்தனர். உண்மையில் அவர் பயிற்சி பெற்ற நடிகர், 47 வயதுள்ள இனிய சுபாவமுடைய கணக்காளர். சீட்டுக் குலுக்கிப்போடும்போது பங்கேற்பாளருக்கே எப்போதும் 'ஆசிரியர்' பாத்திரம் வருமாறு சீட்டுகள் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தன. 'மாணவர்' அடுத்த அறையில் நாற்காலியில் கட்டப்பட்டார். சாம்பல் நிற மேலங்கி அணிந்த சோதனையாளர் ஆசிரியரின் அருகில் அமர்ந்தார்.

ஆசிரியரின் முன்னே 30 நெம்புகோல்கள் கொண்ட பெட்டி ஒன்று இருந்தது. முதலாவதில் 15 வோல்ட் என்றும் கடைசியில் 450 வோல்ட் என்றும் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையே 15 வோல்ட் மட்டுமே வேறுபாடு. மாணவர் தவறு செய்யும் ஒவ்வொரு முறையும் அடுத்த நெம்புகோலை அழுத்த வேண்டும். பெட்டி உண்மையானது என்று நம்பவைக்க ஆசிரியருக்கு முதலில் 45 வோல்ட் அதிர்ச்சி ஒன்று தரப்பட்டது. அதற்குப் பின்னர் எவருக்கும் மின்சாரம் பாயவில்லை.

1963இல் வெளியிடப்பட்ட முதல் ஆய்வில், 300 வோல்ட்டில் மாணவர் சுவரை உதைப்பார். 315 வோல்ட்டில் மீண்டும் ஒருமுறை உதைத்தபின் அவரிடமிருந்து ஒலியும் இல்லை, விடையும் இல்லை. விடை இல்லாமையையும் தவறாகக் கொண்டு தொடருமாறு சோதனையாளர் கூறுவார். ஆசிரியர் தயங்கினால், நான்கு வாக்கியங்களை வரிசையாகக் கூறுவார். முதலாவது பணிவான வேண்டுகோள். நான்காவது, வேறு வழியில்லை என்ற கட்டளை. நான்காவதற்கும் மறுத்தால் சோதனை நிறுத்தப்படும். மிரட்டலோ தண்டனையோ கிடையாது. வாங்கிய கூலியையும் திருப்பித்தர வேண்டியதில்லை என்று முன்பே கூறப்பட்டிருந்தது.

முடிவு

மில்கிரம் சோதனைக்கு முன்னர் யேல் மாணவர்களிடமும் மனநல மருத்துவர்களிடமும் முடிவு எவ்வாறிருக்கும் எனக் கேட்டார். இறுதிவரை செல்வோர் மிகச் சிலரே இருப்பர் என்பது அவர்களின் கணிப்பு. மனநல மருத்துவர்கள் ஆயிரத்தில் ஒருவர் என்றனர்.

40 பேரில் 300 வோல்ட்டுக்கு முன்னர் எவரும் நிறுத்தவில்லை. சுவர் உதைக்கப்பட்டதும் 5 பேர் நிறுத்தினர். 315 வோல்ட்டில் 4 பேரும், 330இல் 2 பேரும், 345, 360, 375 ஆகியவற்றில் ஒவ்வொருவரும் நிறுத்தினர். எஞ்சிய 26 பேர், அதாவது 65 விழுக்காட்டினர், 450 வோல்ட் வரை சென்றனர். அவர்கள் மகிழ்ச்சியோடு அதனைச் செய்யவில்லை. வியர்த்தனர், நடுங்கினர், உதட்டைக் கடித்தனர், சிலர் கட்டுப்படுத்த இயலாமல் சிரித்தனர். சோதனையாளரோடு வாதிட்டுக்கொண்டே அடுத்த நெம்புகோலை அழுத்தியவர் பலர். வாயால் மறுப்பதும் கையால் மறுப்பதும் ஒன்றல்ல என்பது இச்சோதனையில் தெளிவாகத் தெரிகின்றது.

மாற்று வடிவங்கள்

பொதுவாக நூல்களில் 65 விழுக்காடு என்ற ஒரே எண்ணே குறிப்பிடப்படுகின்றது. ஆயினும் மில்கிரமின் உண்மையான பங்களிப்பு, அதே சோதனையைச் சிறுசிறு மாற்றங்களுடன் ஏறத்தாழ இருபது வடிவங்களில் திரும்பச் செய்தமையே ஆகும். மனிதர் மாறவில்லை, சூழல் மட்டுமே மாறியது. கீழ்ப்படிந்தோரின் அளவு ஏறத்தாழ நூறு விழுக்காட்டிலிருந்து சுழியம் வரை மாறியது.

முதலாவது, தொலைவு. மாணவரின் குரல் சுவர் வழியே கேட்டபோது 62.5 விழுக்காட்டினர் இறுதிவரை சென்றனர். மாணவர் அதே அறையில் இருந்தபோது இது 40 ஆகவும், மாணவரின் கையைப் பிடித்துத் தகட்டில் வைக்க வேண்டியிருந்தபோது 30 ஆகவும் குறைந்தது. ஆணையிடுபவர் தொலைவில் இருந்தாலும் இதுவே நிகழ்ந்தது. சோதனையாளர் அறையை விட்டு வெளியேறித் தொலைபேசி வழியே ஆணையிட்டபோது 20.5 விழுக்காட்டினரே இறுதிவரை சென்றனர். சிலர் அதிர்ச்சியைக் கூட்டுவதாகப் பொய் கூறிவிட்டுக் கடைசிவரை மிகக் குறைந்த அளவையே கொடுத்தனர். நேருக்கு நேர் மறுக்கத் துணியாதவர்கள் கண்காணிப்பு இல்லாதபோது மறைவாக மறுத்தனர்.

இரண்டாவது, வேலைப் பகிர்வு. ஒரு வடிவத்தில் நெம்புகோலை அழுத்துபவர் வேறொருவர். பங்கேற்பாளர் வினாக்களைப் படிப்பது போன்ற துணைவேலையை மட்டும் செய்தார். 40 பேரில் 37 பேர் இறுதிவரை உடன் இருந்தனர். அதிர்ச்சி கொடுத்தது தாம் அல்ல என்று அவர்கள் கருதினர். மில்கிரம் செய்த வடிவங்களுள் நவீன அலுவலகத்துக்கு மிக நெருக்கமானது இதுவே எனலாம்.

மூன்றாவது, உடன் மறுப்பவர். மூன்று ஆசிரியர்கள் உள்ள வடிவத்தில் மற்ற இருவரும் மில்கிரமின் ஆட்கள். ஒருவர் 150 வோல்ட்டிலும், மற்றவர் 210 வோல்ட்டிலும் எழுந்து ஒதுங்கி அமர்ந்தனர். அதன்பின் இறுதிவரை சென்றவர்கள் 40 பேரில் 4 பேர் மட்டுமே. ஆஷின் சோதனையில் ஒருவர் சரியான விடையைக் கூறியதும் நிகழ்ந்தது இங்கும் நிகழ்ந்தது.

நான்காவது, அதிகாரத்துள் பிளவு. சோதனையாளர் இருவர். 150 வோல்ட்டில் மாணவர் விடுவிக்குமாறு கூறியதும், ஒருவர் தொடரவும் மற்றவர் நிறுத்தவும் ஆணையிட்டனர். 20 பேரில் ஒருவர்கூட இறுதிவரை செல்லவில்லை. ஒருவர் அதற்கு முன்னரே நிறுத்தியிருந்தார், 18 பேர் அந்த இடத்திலேயே நிறுத்தினர், ஒருவர் மேலும் ஒரு படி சென்று நிறுத்தினார். தீங்கு செய்யும் விருப்பம் உள்ளத்தில் இருந்து, ஆணையை அதற்குச் சாக்காகக் கொண்டிருந்தால், அவர்கள் தொடருமாறு கூறிய அதிகாரியைத் தேர்ந்திருக்கலாம். எவரும் அவ்வாறு தேர்ந்தெடுக்கவில்லை.

மருத்துவமனைச் சோதனைகள்

ஆய்வகத்துக்கு வெளியே நிகழ்த்தப்பட்டவற்றுள் சார்லசு ஆஃப்ளிங்கும் அவரது குழுவினரும் 1966இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. இரவுப்பணியில் தனியே இருந்த செவிலியரை, அவர் முன்பின் அறியாத ஒரு 'மருத்துவர்' தொலைபேசியில் அழைத்து, நோயாளி ஒருவருக்கு 20 மில்லிகிராம் மருந்து கொடுக்குமாறு கூறுவார். மருந்துக் குப்பியில் அதிகபட்ச அளவு 10 மில்லிகிராம் என்று அச்சிடப்பட்டிருந்தது. மருந்தின் பெயர் கற்பனையானது, குப்பியில் இருந்தது தீங்கற்ற சர்க்கரைப் பொருள். தொலைபேசியில் மருந்தாணை ஏற்பது மருத்துவமனை விதிக்கும் மாறானது. 22 செவிலியரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கிச் சென்றனர். படுக்கையை அடையுமுன் அவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர்.

இந்த எண் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றது. 1977இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு அந்த அளவுக்குக் குறிப்பிடப்படுவதில்லை. அதில் மருந்து செவிலியர் நன்கு அறிந்தது. மேலும் அவர்கள் உடன்பணியாற்றுவோரைக் கலந்தாலோசிக்கக்கூடிய நிலையில் இருந்தனர். 18 பேரில் இருவர் மட்டுமே மிகையளவு மருந்தைக் கொடுக்க முன்வந்தனர். இரு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தாலே பயன் உண்டு. தொழில் பற்றிய அறிவும், பக்கத்தில் கேட்பதற்கு ஓர் ஆளும் இருந்தமை 22இல் 21 என்பதை 18இல் 2 ஆக மாற்றியது.

1971இல் பிலிப் சிம்பார்டோ நிகழ்த்திய இசுட்டான்ஃபோர்டு சிறைச் சோதனையும் இவ்வரிசையில் வழமையாகச் சேர்க்கப்படுகின்றது. காவலர் பாத்திரம் ஏற்றோர் எவ்வாறு நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே உணர்த்தப்பட்டிருந்தமை பிற்கால ஆவண ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளதால், அதனை வலுவான சான்றாக இன்று கொள்வது கடினம்.

சாத்தான்குளம் நிகழ்வு

தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள சாத்தான்குளத்தில் கைபேசிக் கடை நடத்திவந்த ஜெயராஜ், அவருடைய மகன் பென்னிக்ஸ் ஆகிய இருவரும் 2020 சூன் 19 அன்று இரவு காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கொரோனா ஊரடங்கு விதியை மீறி அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குப் பின்னும் கடையைத் திறந்து வைத்திருந்தனர் என்பதே காவல்துறையின் தொடக்கக் குற்றச்சாட்டு. முதலில் தந்தை அழைத்துச் செல்லப்பட்டார். அவரைத் தேடி மகன் நிலையத்துக்குச் சென்றார். இரவு முழுவதும் இருவரும் கடுமையாகத் தாக்கப்பட்டனர் என்று பின்னர் வந்த விசாரணை அறிக்கைகள் கூறின.

அடுத்த நாள் நடந்தவை சமூக உளவியல் நோக்கில் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. சூன் 20 அன்று இருவரும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, காவலில் வைக்கத் தகுதியானவர்கள் என்ற சான்றிதழ் பெறப்பட்டது. பின்னர் நீதித்துறை நடுவர் அவர்களை நீதிமன்றக் காவலில் வைக்க ஆணையிட்டார். அதன்பின் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவில்பட்டி கிளைச் சிறையில் அவர்கள் அடைக்கப்பட்டனர். சூன் 22 இரவு பென்னிக்சும், 23 அதிகாலை ஜெயராசும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் உயிரிழந்தனர்.

கைது செய்யப்பட்டவரை மருத்துவர் பார்க்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும், சிறையில் ஏற்கும்போது உடல்நிலையைப் பதிவு செய்ய வேண்டும் என்பவை அனைத்தும் காவல் நிலைய வன்முறையைத் தடுப்பதற்கென்றே சட்டத்திலும் விதிகளிலும் உள்ள ஏற்பாடுகள். அவற்றில் எதுவும் விடுபடவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தாள் எழுதப்பட்டு ஒப்பமிடப்பட்டது. ஆனால் ஒவ்வொரு ஒப்பமும் அடுத்தவருக்கு ஓர் உத்தரவாதமாகிவிட்டது. சான்றிதழ் இருப்பதால் நடுவருக்கு ஐயம் எழவில்லை, நடுவரின் ஆணை இருப்பதால் சிறைக்கு ஐயம் எழவில்லை என்று இதனைப் புரிந்துகொள்ளலாம். மில்கிரமின் 37 பேரைப் போல, சங்கிலியில் உள்ள எவரும் நெம்புகோலைத் தாம் அழுத்தியதாகக் கருதவில்லை. தடுப்பு ஏற்பாடுகளை அடுக்கிக்கொண்டே போவதால் மட்டும் பாதுகாப்பு கூடிவிடாது என்பதற்கு இந்நிகழ்வு வலுவான எடுத்துக்காட்டு.

தலைமைக் காவலரின் சாட்சியம்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இவ்வழக்கைத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது. கோவில்பட்டி நீதித்துறை நடுவரை விசாரணைக்காகச் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு அனுப்பியது. சூன் 28 அன்று நிலையத்துக்குச் சென்ற நடுவர், அங்கிருந்த காவலர்கள் ஒத்துழைக்கவில்லை என்றும், தம்மை அவமதிக்கும் வகையில் நடந்துகொண்டனர் என்றும், கண்காணிப்புக் கருவியின் பதிவு ஒவ்வொரு நாளும் தானாகவே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்தது என்றும் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். வன்தட்டில் போதிய இடம் இருந்தபோதும் அவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது.

அந்நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ரேவதி, இருவரும் இரவு முழுவதும் தாக்கப்பட்டதையும், தடிகளிலும் மேசையிலும் இரத்தக் கறை படிந்திருந்ததையும் நடுவரிடம் கூறினார். அவர் அச்சத்தோடு சாட்சியம் அளித்ததாகவும், வெளியே நின்றிருந்த காவலர்கள் கேட்டுவிடுவர் என அஞ்சியதாகவும் நடுவரின் அறிக்கை குறிப்பிட்டது.

அவர் ஏன் சூன் 19 இரவு பேசவில்லை, ஏன் 28இல் பேசினார் என்ற கேள்விக்குத் தனிமனிதத் துணிவு ஒன்றையே விடையாகக் கொள்ளுதல் போதாது. துணிவு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் முதல் இரவில் நிலையத்துக்குள் இருந்தது ஒரே அதிகாரம், ஒரே குரல். தலைமைக் காவலர் என்பது பதவிநிலையில் ஆய்வாளருக்கும் உதவி ஆய்வாளருக்கும் கீழானது. ஒன்பது நாட்களுக்குப் பின்னர் அதே கட்டடத்துக்குள் உயர் நீதிமன்றத்தின் பெயரால் இரண்டாவது அதிகாரி ஒருவர் வந்து நேரில் அமர்ந்தார். மில்கிரமின் இரு சோதனையாளர் வடிவம் இதுவே. அந்தச் சோதனையில் 150 வோல்ட்டில் பிளவு தோன்றிய கணத்திலேயே கீழ்ப்படிதல் நின்றது. இங்கு பிளவு நிலையத்துக்குள் வந்து சேர ஒன்பது நாட்கள் ஆயின. அதற்குள் இருவர் இறந்திருந்தனர்.

உயர் நீதிமன்றம் அடுத்து எடுத்த நடவடிக்கையும் இந்நோக்கில் குறிப்பிடத்தக்கது. சான்றுகளைப் பாதுகாக்கும் பொருட்டுக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவருமாறு ஆணையிட்டது. தலைமைக் காவலருக்குப் பாதுகாப்பும் விடுப்பும் அளிக்குமாறு கூறியது. கொலை வழக்குப் பதிவு செய்வதற்கு முகாந்திரம் இருப்பதாகவும் தெரிவித்தது. மேலதிகாரியை மாற்றாமல் சாட்சியை மட்டும் பாதுகாப்பது பயன் தராது என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்ததாகவே இது தோன்றுகின்றது. வழக்கு பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. 2020 செப்டம்பரில் ஒன்பது காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது.

விமர்சனங்களும் வரம்புகளும்

மில்கிரம் தம் முடிவுகளை 'முகவர் நிலை' என்ற கருத்தால் விளக்கினார். அதிகாரத்தின் முன் மனிதர் தம்மைப் பிறர் விருப்பத்தை நிறைவேற்றும் கருவியாகக் கருதத் தொடங்குகின்றனர் என்பது அதன் சாரம். இவ்விளக்கம் இன்று பெரிதும் ஐயத்துக்கு உள்ளாகியுள்ளது. காரணம் நான்கு வாக்கியங்களிலேயே உள்ளது. அவற்றுள் உண்மையான கட்டளை நான்காவது மட்டுமே. செர்ரி பர்கர் என்ற உளவியலாளர் 2009இல் வெளியிட்ட மறுசோதனையின் தரவுகளில், நான்காவது வாக்கியத்தைக் கேட்டபின் தொடர்ந்தவர் ஒருவரும் இல்லை. சோதனைக்கு இது தேவை என்ற வாக்கியமே அதிகம் பலித்தது. ஆகவே பங்கேற்பாளர்கள் கட்டளைக்கு அஞ்சிப் பணியவில்லை, அறிவியல் என்ற நற்செயலில் பங்கு கொள்வதாக நம்பியே ஒத்துழைத்தனர் என்று அலெக்ஸ் ஆஸ்லம், இசுட்டீபன் ரைச்சர் ஆகியோர் வாதிடுகின்றனர்.

பங்கேற்பாளர்களில் எத்தனை பேர் மின் அதிர்ச்சி உண்மை என்று நம்பினர் என்பதும் கேள்விக்குரியது. ஆவணங்களை ஆராய்ந்த சினா பெரி, முழுமையாக நம்பாதவர்கள் அதிகம் என்றும், சோதனையாளர் சில வேளைகளில் நான்கு வாக்கியங்களுக்கு அப்பாலும் வற்புறுத்தினார் என்றும் காட்டியுள்ளார். பங்கேற்பாளருக்கு ஏற்பட்ட மன உளைச்சல் காரணமாக இன்று இச்சோதனையை முழுமையாகத் திரும்பச் செய்ய ஆய்வு நெறிக்குழுக்கள் அனுமதிப்பதில்லை. பர்கரும் 150 வோல்ட்டிலேயே நிறுத்திவிட்டார்.

பண்பாட்டு வேறுபாடு பற்றியும் பேசப்படுவதுண்டு. 'கீழை நாட்டவர் இயல்பாகவே அதிகம் பணிவர்' என்ற எண்ணம் தரவுகளோடு பொருந்தவில்லை. இத்தாலி, செருமனி ஆகிய நாடுகளில் செய்யப்பட்ட சோதனைகளில் கீழ்ப்படிதல் அமெரிக்காவை விட உயர்வாகவே இருந்தது. இந்தியாவில் 1983இல் பல்கலைக்கழக மாணவரிடையே செய்யப்பட்ட ஆய்வில் அது 42.5 விழுக்காடு மட்டுமே. சோதனை முறைகள் ஒரே மாதிரியானவை அல்ல என்பதால், இந்த எண்களைக் கொண்டு நாடுகளை வரிசைப்படுத்துவதும் பொருந்தாது.

மில்கிரம் சோதனையைக் காவல் நிலைய வன்முறையின் முழு விளக்கமாகக் கொள்வதும் தவறு. ஆய்வகத்தில் ஆசிரியருக்கு மாணவர் மீது பகை இல்லை. தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி மலையாளிப் பழங்குடியினர் சிற்றூரில் 1992 சூன் 20 அன்று தொடங்கிய சந்தனமரச் சோதனையின்போது நிகழ்ந்தவற்றுக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர் என 269 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுள் 17 பேர் 18 பெண்கள் மீதான பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். அத்தகைய குற்றத்தை எந்த ஆணையாலும் விளக்க இயலாது. சாதி இழிவுபடுத்தலும், தண்டனை கிடைக்காது என்ற துணிவும் அங்கு இருந்தன.

ஆனால் மற்ற 198 பேரைப் பொறுத்தமட்டில் சோதனைகள் பேசத் தொடங்குகின்றன. வீடுகளை இடித்தல், ஊர்மக்களை அடைத்துவைத்தல், சான்றுகளை மறைத்தல் ஆகியவை பல கைகள் சேர்ந்தாலன்றி நடக்காதவை. சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தபோது தண்டனைகளை உறுதிசெய்ததோடு நிற்கவில்லை. நிகழ்வின்போது பொறுப்பிலிருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்குமாறு அரசுக்குக் கூறியது. நெம்புகோலை அழுத்தியவரோடு மட்டும் பொறுப்பை நிறுத்திக்கொள்ளாத தீர்ப்பு என்ற வகையில் இது கவனத்துக்குரியது.

சட்ட நிலை

'மேலதிகாரி சொன்னார்' என்பது இந்தியச் சட்டத்தில் தன்னளவில் எதிர்வாதம் ஆகாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, சட்டத்தால் கட்டுப்பட்டவர் செய்த செயலையும், பொருண்மைப் பிழையால் அவ்வாறு கட்டுப்பட்டதாக நல்லெண்ணத்தோடு நம்பியவர் செய்த செயலையும் குற்றமாகக் கொள்ளவில்லை. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்கிதையின் 14ஆம் பிரிவும் இதனையே கூறுகின்றது. இங்கு அளவுகோல் ஆணை அன்று, சட்டம். சட்டத்துக்குப் புறம்பான ஆணையை நிறைவேற்றிய காவலர் அதற்குத் தாமே பொறுப்பாவார். இவ்விதியைக் காவலர் பயிற்சியில் கற்பிப்பது எளிது. இரவு நிலையத்தில் ஆய்வாளரின் முன் நின்று அதனை எடுத்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதைத்தான் மில்கிரமின் 26 பேர் காட்டுகின்றனர்.

சாத்தான்குளத்தில் அழிந்த பதிவைப் போன்ற சிக்கல் மற்றொரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒலியோடு கூடிய கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட வேண்டும் என்று 2020 திசம்பர் 2 அன்று அந்நீதிமன்றம் ஆணையிட்டது. பூட்டறைகள், தாழ்வாரங்கள், வரவேற்புப் பகுதி, ஆய்வாளரின் அறை ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். பதிவுகள் 18 மாதங்கள் வரை காக்கப்பட வேண்டும் என்றும் அவ்வாணை குறிப்பிட்டது.